தூக்கம் வந்தால் தூங்க விடுங்களேன்

நேற்று ராத்திரி குழுவில் நடந்த கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஒரு பெண் "ஐ ஆம் ஃபீலிங் ஸ்லீப்பி, நாளைக்குப் பேசலாம்" என்று போட்டாள். உடனே வந்துவிட்டார் நம்ம இலக்கணக் காவலர். "ஃபீல் என்பதோடு ஐஎன்ஜி வராது. ஐ ஆம் ஸ்லீப்பி என்பதே சரி." கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை வேறு. பாவம், அவள் மெசேஜையே அழித்துவிட்டாள்.

ஐயா, ரெண்டும் சரி. நீங்கள் படித்த விதி பாதி விதி. "அவன் செய்தது தப்புன்னு நினைக்கிறேன்" என்ற அர்த்தத்தில் ஃபீல் வந்தால் பொதுவாக ஐஎன்ஜி சேர்க்க மாட்டார்கள். உடம்பும் மனசும் அந்த நேரத்தில் எப்படி இருக்கிறது என்று சொல்லும்போது தாராளமாகச் சேர்க்கலாம். ஐ ஃபீல் ஸ்லீப்பி, ஐ ஆம் ஃபீலிங் ஸ்லீப்பி, ஐ ஆம் ஸ்லீப்பி, மூன்றுமே தூக்கம்தான். ஃபீலிங் போட்டால் "இப்போ கண்ணைச் சுத்துதுப்பா" என்கிற சாயல் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

எல்லாச் சொல்லுக்கும் இப்படி இல்லை. ஐ ஆம் ஓல்ட் என்றால் வயசாகிவிட்டது. ஐ ஆம் ஃபீலிங் ஓல்ட் என்று முப்பது வயசுக்காரனும் சொல்லலாம். திருத்த ஆசைப்படுகிறவர் இதையாவது சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

நிஜமான தப்பு எது தெரியுமா? தூக்கம் வருது என்று சொல்ல நினைத்து ஐ ஆம் ஸ்லீப்பிங் என்று அனுப்புவது. தூங்கிக்கொண்டே டைப் பண்ணுகிறாரா என்ன! நானும் ஒரு காலத்தில், போரடிக்குது என்பதற்கு ஐ ஆம் போரிங் என்று நண்பனுக்கு அனுப்பினேன். "தெரியும்" என்று பதில் வந்தது. ஐ ஆம் போர்ட் என்று எழுதியிருக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

நமக்குத் தமிழில் தூக்கம் "வரும்", பசி "எடுக்கும்", எல்லாம் "எனக்கு" நடக்கும். ஆங்கிலத்தில் நான்தான் தூக்கமாக இருக்க வேண்டும். தடுமாற்றம் அங்கேதான். தூக்கம் வருது என்பதற்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது ஐ ஆம் கெட்டிங் ஸ்லீப்பி.

"அப்போ தப்பாவே எழுதட்டுமா?" என்று கேட்பீர்கள். தப்பைத் திருத்துங்கள், தனியாக. சரியாக எழுதியதைத் திருத்தாதீர்கள். தமிழிலேயே எழுதலாமே என்பவர்களுக்கு: எழுதலாம்தான். ஆனால் நீங்களே ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து "சோர்வாக உணர்கிறேன்" என்றல்லவா எழுதுகிறீர்கள்? அசதியா இருக்கு என்றால் வாய் சுட்டுவிடுமா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், போன மாசம் நான் ஐ ஆம் ஹேவிங் ஃபீவர் என்று போட்டேன். ஐ ஹேவ் எ ஃபீவர் என்று திருத்தினார் இதே மனிதர். சரி, அது வழக்கில் தப்புதான். ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு நூற்றிரண்டு டிகிரி. மாத்திரை போட்டியா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.