தன் பெயர் தனக்கு ‘நம்பிக்கைக்கு எட்டியவரை’தான் தெரியுமா?

பெயர் மாற்றத்துக்கு ஒரு அபிடவிட் வேணும் என்று தட்டச்சுக் கடையில் சொல்லிப் பாருங்கள். கம்ப்யூட்டரில் என்றைக்கோ போட்டு வைத்த ஒரே ஃபைலைத் திறப்பார்கள், பெயரை மட்டும் மாற்றுவார்கள், பிரிண்ட் எடுப்பார்கள். முழுப் பக்கமும் ஒரே பத்தி. பத்தி எண் கிடையாது. கடைசி வரி: ‘மேற்கண்டவை யாவும் என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை.’

வயிறு எரிகிறது. தன் பெயர் இன்னது என்று ஒருவருக்கு நம்பிக்கையின் பேரிலா தெரியும்?

அபிடவிட் என்பது விண்ணப்பம் இல்லை, சத்தியம் செய்து கொடுக்கும் சாட்சியம். நேரடியாகத் தெரிந்ததைத்தான் அதில் சொல்ல வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 19, விதி 3. ‘நம்புகிறேன்’ என்பதற்கு இடைக்கால மனுக்களில் மட்டும் இடம் உண்டு, அங்கேயும் ஏன் நம்புகிறேன் என்று காரணம் சொல்லியாக வேண்டும். அது நீதிமன்றத்துக்கான விதிதான். ஆனால் நல்ல அபிடவிட் எதுவும் இந்த அளவுகோலில்தான் நிற்கும். பத்திகளுக்கு எண் போடுவதும் அதற்காகவே. எது நேரில் தெரிந்தது, எது சான்றிதழைப் பார்த்துச் சொன்னது என்று உறுதிமொழியில் எண் சொல்லிப் பிரிக்க வேண்டும். எண்ணே இல்லாவிட்டால் எதைப் பிரிப்பது?

பேச்சியம்மாள் என்பவர் பிரியா என்று மாற்றிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தந்தை பெயர், முகவரி எழுதி, ‘பேச்சியம்மாள் ஆகிய நான் சத்தியப் பிரமாணமாக உறுதி கூறுவதாவது’ என்று தொடங்கி, இப்படிப் போக வேண்டும்:

1. என் பள்ளி மாற்றுச் சான்றிதழிலும் ஆதாரிலும் என் பெயர் பேச்சியம்மாள். இன்றுவரை அப்பெயராலேயே அறியப்படுகிறேன்.

2. பிறப்புச் சான்றிதழின்படி நான் பிறந்த தேதி 14.06.1990.

3. இன்று முதல் பேச்சியம்மாள் என்ற பெயரைக் கைவிட்டு, பிரியா என்ற பெயரை ஏற்கிறேன். இனி எல்லா ஆவணங்களிலும் நடவடிக்கைகளிலும் பிரியா என்றே அழைக்கப்படுவேன்.

4. கடன், வழக்கு போன்ற எந்தப் பொறுப்பிலிருந்தும் தப்பும் நோக்கத்தில் இம்மாற்றத்தைச் செய்யவில்லை. பழைய பெயரில் உள்ள பொறுப்புகள் என்னையே சாரும்.

5. தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிடுவதற்காக இதை அளிக்கிறேன்.

உறுதிமொழி: ‘1, 3, 4, 5 ஆகிய பத்திகளில் கண்டவை நான் நேரடியாக அறிந்தவை, உண்மை. 2ஆம் பத்தியில் கண்டது என் பிறப்புச் சான்றிதழிலிருந்து அறிந்து, உண்மையென நம்பிக் கூறுவது. எதையும் மறைக்கவில்லை.’

இவ்வளவுதான். இதைத் தட்ட பத்து நிமிஷம் போதும். அதற்கு ஏன் மனசு வரமாட்டேன் என்கிறது?

3ஆம் பத்தியில் நடக்கும் கூத்துதான் எல்லாவற்றையும் விட மோசம். ‘பேச்சியம்மாள் என்கிற பிரியா’ என்று தட்டி விடுகிறார்கள். ‘என்கிற’ போட்டால் இரண்டு பெயரும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ‘இருவரும் ஒருவரே’ என்று எழுதுவதும் அதே கதைதான். அது, இருக்கிற இரண்டு ஆவணங்களில் பெயர் வேறுவேறாக இருக்கும்போது கொடுக்கிற வேறொரு அபிடவிட். மாற்றம் என்றால் ‘கைவிட்டு’ வேண்டும், ‘இன்று முதல்’ வேண்டும். இந்த இரண்டு சொல்லும் இல்லாத தாளில் பெயர் மாறவே இல்லை. பெயரை ஆங்கிலத்திலும் எழுதுவதானால், அந்த எழுத்துகளையும் அதே பத்தியில் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பிரியாவின் கடைசியில் ஒரு ஏ-யா, இரண்டு ஏ-யா என்பது அபிடவிட்டில் ஒன்றும் அரசிதழ் படிவத்தில் இன்னொன்றுமாக இருந்தால், ஒரு பெயரை மாற்றப் போய் மூன்று பெயரோடு திரும்புவீர்கள்.

தமிழ்நாட்டில் அபிடவிட்டுக்கு முத்திரைத் தாள் 20 ரூபாயாக இருந்தது, 2024இல் 200 ஆனது. பத்து மடங்கு காசு வாங்கிக்கொண்டு, வார்த்தை மட்டும் அதே பழைய வார்த்தை! பொய் சொன்னால் இந்திய தண்டனைச் சட்டப்படி தண்டனை என்று இன்னமும் தட்டுகிறார்கள். 01.07.2024 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது.

வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுத் தாளை மட்டும் நோட்டரியிடம் கொடுத்தனுப்புகிறவர்களையும் சொல்லியாக வேண்டும். ‘என் முன்னிலையில் உறுதிமொழிந்து கையொப்பமிட்டார்’ என்று அவர் எழுதுகிறார். அந்த வரி உண்மையாக இருக்க வேண்டுமென்றால் ஆள் நேரில் நிற்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, பேனாவால் திருத்திய இடத்தில் சுருக்கொப்பம், இடம், தேதி, நோட்டரியின் முத்திரை, பதிவேட்டு எண். இதில் ஒன்று விட்டுப்போயிருந்தாலும் அந்த மேஜையை விட்டு நகராதீர்கள்.