எத்தனை கிலோ உரம், எந்த மட்டை? சொல்லித் தொலையுங்களேன்!

செம்பனைக்குப் பொட்டாஷ் உரத்தைக் கூட்டினால் இலையில் பொட்டாசியம் ஏறுகிறதா என்று பார்த்த ஓர் ஆய்வை, எங்கள் பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். முதுகலைப் படிப்புக்கான வேலை. கட்டுரையில் முன்னுரை மட்டும் மூன்று பக்கம் ஓடுகிறது. நாட்டின் பொருளாதாரம், உலகச் சந்தை, எண்ணெய் விலை எல்லாம் வருகிறது. செய்முறைப் பகுதியோ ஆறு வரி! அதுவும் எப்படி? “மரம் ஒன்றுக்கு 2 கிலோ பொட்டாசியம் இடப்பட்டது. இலை மாதிரிகள் சேகரிக்கப்பட்டு வழக்கமான முறையில் பகுப்பாய்வு செய்யப்பட்டன.” அவ்வளவுதான்.

2 கிலோ எது ஐயா? தோட்டத்து ஸ்டோரில் இருப்பது எம்.ஓ.பி. என்கிற பொட்டாஷ் உர மூட்டை. அதில் பொட்டாசியம் ஆக்சைடு, அதாவது K2O கணக்கில் 60 சதவீதம்; வெறும் பொட்டாசியமாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய பாதி. அவர்கள் உரத்தையே 2 கிலோ அளந்து போட்டிருந்தால் நானும் 2 கிலோ போட வேண்டும். K2O-வைச் சொல்கிறார்கள் என்றால் 3.3 கிலோ உரம் வேண்டும். எழுதியிருக்கிற சொல்லை அப்படியே நம்பினால் 4 கிலோ. ஒரே வரியைப் படித்துவிட்டு மூன்று பேர் மூன்று விதமாக உரம் போடலாம், மூவரும் “கட்டுரைப்படிதான் செய்தோம்” என்று சத்தியமும் செய்யலாம். ‘எம்.ஓ.பி., 60 சதவீதம் K2O, மரத்துக்கு இத்தனை கிலோ, ஆண்டுக்கு இத்தனை தடவை’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் இந்தக் கூத்தே இல்லை.

அடுத்தது இலை. மாதிரி எடுக்கப் போன அன்று எங்கள் மண்டோர் அண்ணன் அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, “எந்த மட்டைய வெட்டணும் தம்பி?” அவர் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம்தான். ஆனால் கட்டுரையைச் சரிபார்த்த நிபுணர்களுக்குத் தோன்றாத கேள்வி அவருக்குத் தோன்றியது.

ஏனென்றால் மட்டைக்கு மட்டை சத்து மாறும். முழுதாக விரிந்த மட்டைகளில் இளையதை 1 என்று வைத்து எண்ணுவார்கள். மட்டைகள் சுருளாகச் சுற்றி வருவதால் ஒன்றாவதற்குக் கீழே சற்றுச் சாய்வாக ஒன்பதாவது, அதற்கும் கீழே பதினேழாவது இருக்கும். முதிர்ந்த மரத்தில் பதினேழாவது மட்டையின் நடுப்பகுதி ஓலைகளை எடுப்பது வழக்கம். இளம் மரத்தில் ஒன்பதாவது மட்டையை எடுப்பார்கள். மாதத்துக்குச் சுமார் இரண்டு மட்டை விரிகிறது என்றால், ஒன்பதுக்கும் பதினேழுக்கும் இடையே நான்கு மாத வயது வித்தியாசம். வயது ஏற ஏறப் பொட்டாசியம் குறையும், கால்சியம் கூடும். ஆக, அவர்கள் ஒன்பதாவதை வெட்டி நான் பதினேழாவதை வெட்டினால் என் மரத்தில் பொட்டாசியம் குறைவாகத்தான் தெரியும். உரத்தைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

மரத்தின் வயதும் கட்டுரையில் இல்லை. உரம் போட்டு எத்தனை வாரம் கழித்து ஓலை எடுத்தார்கள் என்பதும் இல்லை. ஆனால் ஆய்வுக்கூடக் கருவியின் கம்பெனிப் பெயரும் மாடல் எண்ணும் பிசகாமல் இருக்கிறது!

“மூன்று மறுசெயல்” என்று ஒன்று போட்டிருக்கிறார்கள். மூன்று தனித்தனிப் பாத்திகளா, ஒரே பாத்தியில் மூன்று மரங்களா, இல்லை ஒரே மரத்து ஓலைப்பொடியை மூன்று தடவை அளந்ததா? கடைசியாகச் சொன்னது கருவி ஒழுங்காக அளக்கிறதா என்பதை மட்டும்தான் காட்டும், உரம் வேலை செய்ததா என்பதைக் காட்டாது. பக்கத்து மரத்தின் வேர் இந்த மரத்து உரத்தைத் திருடாமல் இருக்க நடுவே காவல் வரிசை விட்டார்களா? அதைப் பற்றியும் மூச்சு இல்லை.

சரி, “முன்பு விவரித்தபடி” என்று காட்டிய பழைய கட்டுரையிலாவது இருக்கும் என்று தேடினேன். அது இன்னொரு கட்டுரையைக் காட்டியது, “சிறு மாற்றங்களுடன்” என்று. என்ன மாற்றம் என்று சொல்ல மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை. இட நெருக்கடி என்பார்கள். இணையத்தில் பின்னிணைப்பாகப் பத்துப் பக்கம் போட்டால் யார் தடுத்தார்கள்?

கட்டுரையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். “களவேலையைச் செய்த மாணவர் படிப்பை முடித்துப் போய்விட்டார், வழக்கமாக எல்லோரும் செய்வதுபோல் செய்யுங்கள்” என்று பதில் வந்தது. என் மேற்பார்வையாளரோ, “உரம் 2 கிலோ, மட்டை 17 என்று வைத்துக்கொள்” என்கிறார். வைத்துக்கொள்ளலாம். நாளைக்கு என் முடிவு வேறாக வந்தால், அவர்கள் கண்டுபிடித்தது தப்பு என்று சொல்வதா, நான் செய்தது வேறு ஆய்வு என்று சொல்வதா? அந்த ஆறு வரியை வைத்துக்கொண்டு இரண்டில் எதையும் சொல்ல முடியாதே!