13 மீட்டரும் 28 மீட்டரும்

மதுரையில் எங்கள் வார்டில் பள்ளிக்கூடச் சாலையைப் புதிதாகப் போடப்போவதாகச் சொல்கிறார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்கும் முன்பே, பள்ளியைச் சுற்றித் தடுப்புடன் கூடிய சைக்கிள் பாதை வேண்டும் என்று அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் கேட்கப்போகிறேன். கவுன்சிலர் இருப்பார், பொறியாளர் இருப்பார். அங்கே சொல்லும் கோரிக்கை மாமன்றம் வரைக்கும் போக வேண்டும் என்பதற்காகவே நன்றாகத் தயார் செய்து வைத்திருக்கிறேன். உங்கள் பகுதிக்கும் பொருந்தும் என்றால் அப்படியே எடுத்துப் பேசுங்கள்.

முதலில் ஒரு விஷயம். இப்படிப்பட்ட கூட்டங்களில் பலரும் நாட்டின் மொத்த விபத்துக் கணக்கோடு பேச்சைத் தொடங்குவார்கள். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 18 வயதுக்குக் கீழே இருந்தவர்கள் 9,528 பேர், அதாவது நாளுக்கு 26 பிள்ளைகள். நெஞ்சை அடைக்கும் எண்தான். ஆனால் கேட்பவர் மனதில் ஓடுவது வேறு: "சரி, இதில் நம் தெருவில் எத்தனை?" அங்கேயே நம் பேச்சு நின்றுவிடும். அதே ஆண்டில் இறந்தவர்களில் சைக்கிளில் போனவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை என்பதையும் ஒருவர் எடுத்துக் காட்டலாம். அதனால் நான் அந்தக் கணக்கை விட்டுவிட்டு, நம் சாலையிலேயே அளக்கக்கூடிய ஒன்றைச் சொல்லப்போகிறேன்.

30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, குறுக்கே ஒரு பிள்ளை வந்ததும் நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்? ஓட்டுபவர் பார்த்துச் சுதாரித்து பிரேக்கில் கை வைக்க ஒரு விநாடி. அந்த விநாடியில் வண்டி 8 மீட்டர் ஓடிவிடும். பிறகு பிரேக் பிடித்து நிற்க இன்னும் 5 மீட்டர். மொத்தம் 13. அதே வண்டி 50இல் வந்தால் சுதாரிக்கும் விநாடியிலேயே 14 மீட்டர் போய்விடும், நிற்பதற்கு இன்னொரு 14. மொத்தம் 28.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 30இல் வந்தவர் முழுதாக நின்றுவிட்ட இடத்தில், 50இல் வந்தவர் இன்னும் பிரேக்கையே தொடவில்லை. அந்த இடத்தில் ஒரு பிள்ளை இருந்தால் முழு 50 வேகத்தில் அடி விழும். இதெல்லாம் காய்ந்த சாலை, நல்ல டயர், செல்போன் பார்க்காத ஓட்டுநர் என்று வைத்துப் போட்ட கணக்கு. மழை பெய்தால் இன்னும் மோசம்.

நம் சாலையில் வண்டிகள் என்ன வேகத்தில் வருகின்றன என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். டேப்பால் 50 மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். செல்போனில் ஸ்டாப்வாட்ச். ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு வர 6 விநாடி ஆனால் வேகம் 30. 3.6 விநாடியில் வந்தால் 50. பள்ளி தொடங்கும் நேரத்தில் நெரிசல் இருக்கும், வேகம் குறைவாகத் தெரியும். அதற்குச் சற்று முன்னால், சாலை கொஞ்சம் காலியாக இருக்கும்போது அளக்க வேண்டும். சீக்கிரமே வரும் பிள்ளைகள் அப்போதுதான் சைக்கிளில் வருகிறார்கள். நாங்கள் அளந்தபோது பைக்குகளில் பெரும்பாலானவை நான்கு விநாடிக்குள் கடந்துவிட்டன. அப்படியென்றால் 45க்கு மேல்.

கூட்டத்தில் நான் கேட்கப்போவது இதுதான்: "இந்த வேகத்தில் வண்டி ஓடும் இடத்தில், நடுவில் ஒரு தடுப்பும் இல்லாமல், பதினோராம் வகுப்புப் பிள்ளையை சைக்கிளில் விடலாமா? அந்த சைக்கிளை விலையில்லாமல் கொடுத்தது நம் அரசாங்கம்தானே?"

வெள்ளைக் கோடு போட்டுத் தருகிறோம் என்பார்கள். அதை ஒத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பள்ளி வாசலில் தினமும் நடப்பதைச் சொல்கிறேன். ஓரமாக ஒரு ஆட்டோ நிற்கும், அதற்கு முன்னால் ஒரு வேன். ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு, கேரியரில் தோழியை உட்கார வைத்து ஒரு பெண் வருவாள். ஆட்டோவைச் சுற்ற வேண்டுமென்றால் அவள் சாலையின் நடுப்பக்கம் ஒடித்துத் திருப்பியே ஆக வேண்டும். திரும்பிப் பார்க்க முடியாது, பார்த்தால் சைக்கிள் ஆடும். வெள்ளைக் கோடு இருந்திருந்தால் அந்த ஆட்டோ கோட்டுக்கு மேலேயே நின்றிருக்கும். கோடு எந்த வண்டியையும் தடுக்காது. உயரமான சிமெண்ட் கட்டைதான் தடுக்கும்.

"இடம் எங்கே இருக்கிறது?" என்பது அடுத்த கேள்வி. எங்கள் சாலை 12 மீட்டர். போக ஒன்று, வர ஒன்று என்று வண்டிகளுக்குத் தலா 3.25 மீட்டர் கொடுத்தால் ஆறரை மீட்டர் ஆச்சு. பஸ்ஸின் அகலமே இரண்டரை மீட்டர்தான், தாராளமாகப் போகும். இரண்டு பக்கமும் 2 மீட்டர் சைக்கிள் பாதை, அரை மீட்டர் தடுப்பு. அது 5 மீட்டர். கூட்டினால் பதினொன்றரை. இன்னும் அரை மீட்டர் மிச்சம். நடைபாதை இந்த 12க்கு வெளியே இருக்கிறது, அதைத் தொட வேண்டியதில்லை. போவது ஒன்றே ஒன்றுதான், சாலையோர பார்க்கிங். இதை மறைக்காமல் நாமே முதலில் சொல்லிவிடுவது நல்லது. கடைக்காரர்கள் எதிர்ப்பார்கள், அவர்களோடு உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். சரக்கு இறக்குவதைப் பள்ளி நேரம் தவிர்த்து வைத்துக்கொள்ளலாம்.

பொறியாளரிடம் குறிப்பாகக் கேட்க வேண்டியது சந்திப்பு. தடுப்புப் பாதை உள்ள ஊர்களில்கூட சைக்கிள்காரர்கள் அடிபடுவது பெரும்பாலும் பாதை முடிந்து குறுக்குத்தெரு வரும் இடத்தில்தான். இடதுபக்கம் திரும்பும் வேன்காரர், தடுப்புக்கு அந்தப் பக்கம் நேராக வரும் சைக்கிளைக் கவனிக்க மாட்டார். அதனால் முனைக்கு 10 மீட்டர் முன்பிருந்தே எதுவும் நிற்கக் கூடாது, பார்வை மறையக் கூடாது. குறுக்குத்தெரு வாயில் சைக்கிள் பாதை அதே உயரத்தில் தொடர்ந்து போக வேண்டும், கார்தான் மேடேறி மெதுவாகக் கடக்க வேண்டும். முனையின் வளைவையும் இறுக்கமாக வைத்தால் வண்டிகள் வேகத்தோடு திரும்ப முடியாது. வரைபடத்தில் இவை இல்லையென்றால் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்.

கட்டைகளுக்கு நடுவே மழைநீர் போக இடைவெளி வேண்டும். இல்லையென்றால் ஐப்பசி மழையில் சைக்கிள் பாதைதான் வாய்க்காலாகும். நுழைவாயிலில் 1.2 மீட்டர் இடைவெளியில் தூண் நட்டால் காரும் ஆட்டோவும் நுழைய முடியாது. பைக் நுழையும். சைக்கிள் போகிற சந்தில் பைக்கும் போகும், இதற்குக் கட்டுமானத்தில் முழுத் தீர்வு கிடையாது. காலையும் மாலையும் பள்ளி நேரத்தில் ஒரு காவலரோ ஊர்க்காவல் படையினரோ அங்கே நிற்க வேண்டும். இதையும் கோரிக்கையில் எழுதியே கொடுக்கிறேன்.

கடைசியாக ஒருவர் கேட்பார், எனக்குத் தெரியும்: "சைக்கிளில் வரும் பிள்ளைகளே குறைவு, யாருக்காக இது?" ஸ்பெயினில் செவில் நகரத்தைச் சொல்வேன். அங்கேயும் நூறு பயணத்துக்கு ஒன்றுகூட சைக்கிளில் இல்லை. 2006க்குப் பிறகு சில ஆண்டுகளுக்குள் நூறு கிலோமீட்டருக்கும் மேல், ஒன்றோடொன்று இணைந்த தடுப்புப் பாதை போட்டார்கள். பயணங்களில் ஆறு சதவீதம் அளவுக்கு சைக்கிள் ஏறியது. அவர்கள் துண்டு துண்டாகப் போடவில்லை என்பது முக்கியம். நமக்கும் பள்ளி வாசலில் நூறு மீட்டர் போட்டு நிறுத்தினால் பயனில்லை. பிள்ளைகள் வரும் தெருக்களைப் பள்ளியில் கேட்டு, வாசலிலிருந்து ஒவ்வொரு திசையிலும் குறைந்தது 500 மீட்டராவது இடைவெளியில்லாமல் வேண்டும்.

ஆகவே தீர்மானத்தில் மூன்றே வரி கேட்கிறேன். இந்தச் சாலையின் ஒப்பந்தப் புள்ளியிலேயே தடுப்பும் சந்திப்பு மேடும் சேர வேண்டும், தார் போட்ட பிறகு உடைத்துக் கட்டினால் செலவு கூடும். பள்ளியின் முன்னால் வேகம் 30 என்று பலகையும் வேகத்தடையும் வேண்டும். வேலை முடிந்து ஆறு மாதம் கழித்து, அதே சாக்பீஸ் கோட்டில், பொறியாளரும் கவுன்சிலரும் எங்களோடு நின்று மறுபடி அளக்க வேண்டும்.