2022இல் நீங்கள் சொன்ன ‘வேண்டாம்’

“சம்பளமே வாங்காத நம்பிக்கைப் பொறுப்பாளர் ஒருவர் விலகினால் நிதியத்துக்கு அப்படி என்ன குறைந்துவிடும்?” என்று யாராவது கேட்கலாம். அந்தப் பொறுப்பிலிருந்து விலகும் நம் ஐயாவை வைத்தே பதில் சொல்கிறேன்.

2022ஐ நினைத்துப் பாருங்கள். எங்கள் புலமைப்பரிசில் நிதியத்தின் மூலதனம் 50 இலட்சம் ரூபா, நிலையான வைப்பில் இருந்தது. முன்பு 5 வீத வட்டியில் வருடம் இரண்டரை இலட்சம் வந்தது. அந்த வருடம் வட்டி 20 வீதத்தைத் தாண்டியது. 10 இலட்சம் வரும் என்றதும் பிள்ளைகளின் எண்ணிக்கையை நான்கு மடங்காக்கலாம் என்று எல்லோரும் துள்ளினோம். ஐயா மட்டும் வேண்டாம் என்றார். கொழும்பில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதத்தை எட்டிய நேரம் அது. வட்டி முழுவதையும் செலவழித்தால் 50 இலட்சம் கணக்கில் அப்படியே இருக்கும், ஆனால் அதனால் வாங்கக்கூடிய கொப்பிகள் ஏறக்குறைய பாதியாகிவிடும். அது விதைநெல்லைக் குத்தித் தின்பதுதான் என்றார். சரி, பாதி வட்டியை மூலதனத்தில் சேர்த்தோம். மீதியில் பழைய பிள்ளைகளின் தொகையைக் கூட்டினோம். புதிதாகச் சிலரை மட்டுமே எடுத்தோம்.

பிறகு வட்டி 10 வீதத்துக்கும் கீழே இறங்கியது. அப்போதும் பல்கலைக்கழகப் பிள்ளை ஒருவரைக்கூட நடுவழியில் நிறுத்தவில்லை. நான்கு வருடப் படிப்புக்கு வாக்குக் கொடுத்துவிட்டு இரண்டாம் வருடம் கைவிரிப்பதைப்போலக் கொடுமை இல்லை.

அப்புறம், விலகும் முன்பே வங்கிக் கையொப்பங்களை மாற்றி, வைப்புச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் புதியவரிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். ஐயா, மனமார்ந்த நன்றி. அந்தப் பிள்ளைகளின் சார்பிலும்.