வசனம் குறைவு என்பது மட்டும் போதாது

திருப்பூர், கோவைப் பக்கம் ஒடியா, இந்தி, வங்காளம், தமிழ் பேசுகிறவர்கள் சேர்ந்து தங்கும் விடுதிகளில் ஞாயிறு மாலை படம் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹாலில் ஆறு ஃபேன் ஓடும், பின்னால் பாத்திரம் கழுவுவார்கள், பாதிப் பேர் நடுவில் வந்து உட்காருவார்கள். இந்த இடத்துக்கு "வசனமே இல்லாத படம்" என்று தேடி எடுத்தால் பல சமயம் ஏமாற்றம்தான் மிஞ்சும். வசனம் எவ்வளவு குறைவு என்பதை விட, கதை எதன் வழியாக நமக்கு வந்து சேருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். உடம்பு அசைவு வழியாக வந்தால் அந்தப் படம் ஹாலில் நிற்கும். எழுத்து வழியாகவோ மெல்லிய சத்தம் வழியாகவோ வந்தால் நிற்காது.

2018-இல் வந்த 'எ க்வயட் ப்ளேஸ்' படத்தில் பேச்சு மிகக் குறைவு. ஆனால் அதன் பயமே நிசப்தத்தில்தான் இருக்கிறது. ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் ஆபத்து என்பதுதான் கதை. ஃபேன் இரைச்சலில் அந்த நிசப்தமும் இல்லை, சின்னச் சத்தமும் இல்லை. போதாததற்கு, அவர்கள் கையால் பேசுவது திரையில் ஆங்கில எழுத்தாக வருகிறது. சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' (1936) படத்திலும் ஆங்கில எழுத்து அட்டைகள் உண்டு. ஆனால் அது ஓடிவிடும். தொழிற்சாலையில் போல்ட் முடுக்கி முடுக்கி, வேலையை விட்டு வெளியே வந்த பிறகும் கை நிற்காமல் முடுக்குவதைப் புரிந்துகொள்ள யாருக்கும் அட்டை வேண்டாம். முக்கியமான அட்டைகளை மட்டும் ஒருவர் இரண்டு மொழியில் உரக்கச் சொன்னால் போதும்.

படத்தைத் தேர்வு செய்ய நம்பகமான வழி ஒன்று இருக்கிறது. முதல் பத்து நிமிடத்தை மியூட்டில் ஓட்டி, கதை தெரியாத ஒருவரைப் பார்க்க வையுங்கள். யார் இவன், இவனுக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வந்தால் நடுவில் ஒரு பத்து நிமிடம், கடைசிக்கு முன் ஒரு பத்து நிமிடம் அதே போலப் பாருங்கள். நடுப்பகுதியை விட்டுவிடாதீர்கள். 'வால்-ஈ' (2008) தொடக்கத்தில் ஏறக்குறைய பேச்சே இல்லை, எல்லோரும் ஒன்றிவிடுவார்கள். கதை விண்கலத்துக்குள் போனதும் மனிதர்கள் பேச ஆரம்பிக்கிறார்கள், ஹாலிலும் பேச்சு ஆரம்பிக்கும்.

இந்தச் சோதனையில் சுலபமாகத் தேறுவது 'ஷான் தி ஷீப் மூவி' (2015). ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். மனிதர்கள்கூட அதில் முணுமுணுப்பார்களே தவிர எந்த மொழியும் பேசுவதில்லை. பண்ணைக்காரர் நினைவிழந்து நகரத்தில் அலைகிறார். முடிதிருத்தும் கடைக்குள் போனதும் அவர் கை தானாக ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கும் லாகவத்தில் ஓடுகிறது. நினைவு போனாலும் கைக்குத் தொழில் மறக்கவில்லை என்பது பார்த்த உடனே புரிகிறது.

பெரியவர்களுக்கு என்றால் என் தேர்வு சிங்கீதம் சீனிவாசராவின் 'பேசும் படம்' (1987). பெயர் அப்படி இருந்தாலும் வசனமே இல்லாத படம். மொழிக்கொரு பெயரில் வெளியானது, டப்பிங் தேவைப்படவே இல்லை. வேலையில்லாத இளைஞன், நட்சத்திர ஓட்டல் அறை, பனிக்கட்டிக் கத்தியோடு வரும் கொலைகாரன் என்று எல்லாமே கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள். இரண்டு மணி நேரம் தாண்டும் என்பதால் நடுவில் இடைவேளை விடுங்கள்.

ஆனால் இதிலும் காதை நம்பிய ஒரு இடம் உண்டு. சினிமாக் கொட்டகைச் சத்தத்துக்குப் பழகிய நாயகனுக்கு ஓட்டலின் அமைதியில் தூக்கம் வராது. கொட்டகைச் சத்தத்தை டேப்பில் பதிந்து வந்து போட்டுத்தான் தூங்குவான். டேப் ரெக்கார்டர் தெரியும், என்ன ஓடுகிறது என்பது கேட்டால்தான் சிரிப்பு வரும். அதனால் ஒலியைச் சரி செய்யாமல் படத்தைத் தொடங்காதீர்கள்.

வெறும் சத்தத்தைக் கூட்டினால் மெல்லிய இடம் கேட்கும், அடுத்த இசையில் காது கிழியும். லேப்டாப்பில் VLC இருந்தால் Tools → Effects and Filters → Audio Effects → Compressor போய் Enable கொடுங்கள். Ratio 4 அளவில் வைத்து, Threshold-ஐக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்குங்கள். மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் உள்ள தூரம் குறையும். பிறகு Makeup gain-ஐ ஏற்றினால் மெல்லிய ஒலி மேலே வரும். அமைதியான இடங்களில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் பொங்கி எழுந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம், கொஞ்சம் பின்வாங்குங்கள்.

இதை ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று செய்யக்கூடாது. எல்லா ஃபேனையும் ஓடவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து, அந்த டேப் ரெக்கார்டர் காட்சியைப் போட்டுக் கேளுங்கள். அங்கே கொட்டகைச் சத்தம் கேட்டால் மற்ற காட்சிகளைப் பற்றிக் கவலையில்லை.