இன்வாய்ஸ் தேதி வருமானத் தேதி அல்ல

“எந்த முறையில் கணக்கு எழுதினாலும், இன்வாய்ஸ் போட்ட தேதியில் அது வருமானம்தான்” என்று ஒரு கருத்து உண்டு.

இது தவறு. சம்பாதித்தபோதே வருமானமாக எழுதும் அக்ரூவல் முறை, பணம் கைக்கு வரும்போது எழுதும் ரொக்க முறை என்ற இரண்டு முறைகளிலுமே அந்தத் தேதி மட்டும் எதையும் முடிவு செய்வதில்லை. கணக்காண்டு டிசம்பர் 31 அன்று முடிகிறது என்று கொள்வோம். ஒரு வடிவமைப்பாளர் டிசம்பர் 20 அன்று வேலையை முடித்து ஒப்படைக்கிறார், ஜனவரி 5 அன்று 40,000-க்கு இன்வாய்ஸ் அனுப்புகிறார், பிப்ரவரி 10 அன்று பணம் வருகிறது. அக்ரூவல் முறையில், வேலை முடிந்து பணம் கேட்கும் உரிமை பிறந்துவிட்டதால், இன்வாய்ஸ் பிந்தினாலும் அது முந்தைய ஆண்டின் வருமானம். ரொக்க முறையில் பிப்ரவரியில்தான் வருமானம்.

பணம் வராத பில்லுக்கும் வரி கட்டியதாக ஒருவர் வருந்தியிருக்கிறார். அவர் அக்ரூவல் முறையில் இருந்திருந்தால் அது நடக்கக்கூடியதே. அந்தத் தொகையை வாராக்கடனாகத் தள்ள முடியுமா என்று அவர் அவசியம் பார்க்க வேண்டும். முன்பணம் எப்போதும் வருமானமாகாது என்று இன்னொருவர் சொன்னது பாதிதான் சரி: அக்ரூவல் கணக்கில் வேலை முடியும்வரை அது கடன்போலத் தீர்க்க வேண்டிய பொறுப்பாகவே நிற்கும், ரொக்க முறையிலோ கைக்கு வந்த அன்றே பொதுவாக வருமானமாகிவிடும். வரிச் சட்டம் முன்பணத்தை எப்படிப் பார்க்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், அதை இங்கே ஒரே வரியில் முடித்துவிட முடியாது.