ஆயரா, மேய்ப்பரா?

"23ஆம் சங்கீதத்துக்குப் பழைய மொழிபெயர்ப்பா, புதியதா நல்லது?"

பழையது: "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." 1995 திருவிவிலியம்: "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை."

எபிரேயத்தில் நாலே சொல். அந்தச் சுருக்கம் புதியதில்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வன்னியில் ஆயர் என்றால் முதலில் மறைமாவட்ட ஆயர்தான் நினைவுக்கு வருவார். மாடு மேய்க்கிறவர் வருவதில்லை! 'ஆண்டவரே' விளி போலவும் கேட்கிறது. மூலத்தில் கடவுளைப் படர்க்கையில் பேசி, நாலாம் வசனத்தில்தான் 'நீர்' என்று திரும்புகிறார்கள். அந்தத் திருப்பம் இங்கே மங்கிவிடுகிறது.

'தாழ்ச்சி' இன்று அவமானம் போலப் படுகிறது, சரி. ஆனாலும் 'அடையேன்' காலம் காட்டாத எதிர்மறை. இன்றைக்கும் நாளைக்கும் பொருந்தும். 'குறையில்லை' இன்றோடு நின்றுவிடுகிறது. செபத்துக்கு நான் பழையதையே எடுப்பேன்.